கரிசல் பாதையில் மழைக்கு அப்புறம் கல்யாண வீட்டுக்குப் போவது எப்படி

போன ஐப்பசியில் விளாத்திகுளம் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். முகூர்த்தம் ஆறு மணியிலிருந்து ஏழரைக்குள், தார் ரோட்டிலிருந்து ஊருக்கு மூன்று கிலோமீட்டர் கரிசல் மண் பாதை. ராத்திரி ஒன்பது மணிக்கே மழை விட்டுவிட்டது, தண்ணீர் வடிந்திருக்கும் என்று நம்பி விடிகாலை ஐந்து மணிக்கு பைக்கில் கிளம்பினேன். நானூறு மீட்டர்கூடப் போகவில்லை, முன் சக்கரம் நின்றுவிட்டது.

முதலில் நேரம். நான் தப்புக் கணக்குப் போட்டது இதில்தான். கொட்டுகிற மழையில் கரிசல் கஞ்சி மாதிரி இருக்கும், வழுக்கும், ஆனால் அவ்வளவாக ஒட்டாது. மழை விட்டுத் தண்ணீர் வடிந்து பாதி காய்கிறபோதுதான் பிசைந்த மாவு மாதிரி ஆகி டயரைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள். உருண்டையாக நின்று விரலிலும் ஒட்டினால் வண்டியை இறக்காதீர்கள். நல்ல வெயில் ஒரு முழுநாளாவது அடித்திருக்க வேண்டும், விடிகாலை முகூர்த்தத்துக்கு அது கிடைக்காது. அதனால் மழைக்கு முன்பே, முதல் நாள் சாயங்காலமே ஊருக்குள் போய்விடுவதுதான் சரி.

அது முடியாவிட்டால் டிராக்டர். பின் டயரின் சாய்ந்த பெரிய பட்டைகள் மண்ணை வெளியே தள்ளிக்கொண்டே போகும், கார் டயரின் சின்னப் பள்ளங்கள் நாலு சுற்றில் அடைத்து மொழுமொழுவென்று ஆகிவிடும். உயரமான கார் வைத்திருப்பவர்கள் தைரியமாக இறக்குகிறார்கள். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியாக இருந்தாலும் சாதாரண ரோட்டு டயரோடு போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காரைத் தார் ரோட்டு ஓரத்தில் விட்டுவிடுங்கள். கல்யாண வீட்டில் முதல் நாளே சொல்லிவைத்தால் டிராக்டரின் பெட்டியில் வைக்கோல் பரப்பி பஸ் ஸ்டாப்புக்கு அனுப்புவார்கள். ஏற ஒரு ஸ்டூலும் கேளுங்கள், பட்டுச்சேலையோடு ஏறுகிற பெரியம்மாக்களுக்கு அது இல்லாமல் முடியாது.

பைக்தான் கதி என்றால், மண் அடைப்பது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில். சக்கரம் கனக்கும்போதே நிறுத்தி, ஒரு முழம் நீளக் கம்பியால் குத்தி எடுங்கள். சுள்ளி ஒடிந்துவிடும். நான் ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன், பின் சக்கரம் பக்கவாட்டில் போய் வண்டி சாய்ந்தது. ஒட்டாத இடம் தேடி ஓரத்துக்குப் போனால் சீமைக்கருவேல முள் பஞ்சராக்கிவிடும், அதனால் நடுத் தடத்தைவிட்டு விலகாதீர்கள். கடைசியில் வண்டியை அங்கேயே விட்டு, வேட்டியை மடித்துக்கட்டிச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு காலிலும் ஒரு கிலோ மண். நான் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. அத்தை ஒன்றும் சொல்லாமல் கால் கழுவ ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

பிறகு சேர்த்தது: செம்மண் பாதைக்கும் இதே கதையா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இல்லை, சரளை கலந்த செம்மண் சீக்கிரம் நீரை வடித்துவிடும், மழை விட்டு மூன்று நாலு மணி நேரத்தில் பைக்கே போகும். அங்கே பார்க்க வேண்டியது ஓடை குறுக்கிடும் இடம்தான். கலங்கல் நீரில் ஆழம் தெரியாது, இறங்கி நடந்து பார்த்தபிறகு வண்டியை விடுங்கள். தண்ணீர் வேகமாக ஓடினால் இறங்கவே வேண்டாம்.