இரண்டாவது கடையில் சிப்ஸ் ஏன் வேறாகிவிடுகிறது? எஸ்.ஓ.பி. எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டத்தில் ஏத்தங்காய் சிப்ஸ் போட்டு நல்ல பெயர் எடுத்த கடை, கன்னியாகுமரியில் சுற்றுலாப் பயணிகளை நம்பி இன்னொரு கடை திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே காய், அதே தேங்காய் எண்ணெய். மாஸ்டரும் ஒரு வாரம் கூடவே இருந்து சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறார். ஆனாலும் ஒரு மாதத்தில் "அந்தக் கடை சிப்ஸ் மாதிரி இல்லையே" என்ற பேச்சு வந்துவிடுகிறது. பெரும்பாலும் புதுக்கடை ஆளின் கைமேல்தான் பழி விழும். எழுதிக்கொடுத்த எஸ்.ஓ.பி.யில், அதாவது வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்ற செய்முறைக் குறிப்பில், எதை எழுதாமல் விட்டார்கள் என்று பார்த்தால் காரணம் அங்கே இருக்கும். பொரிக்கும் பகுதியில் அடிக்கடி நடக்கும் தவறுகளை மட்டும் இங்கே பார்ப்போம்.

நிமிடக் கணக்கை எழுதி, அடுப்பை எழுதாமல் விடுவது

"2 கிலோ சீவல் போட்டு 10 நிமிடம் பொரிக்கவும்" என்பது தாய்க்கடையின் அடுப்புக்கும் சட்டிக்கும் மட்டும் பொருந்தும் வாக்கியம். பச்சை ஏத்தங்காய்ச் சீவலில் பாதிக்கு மேல் தண்ணீர். 2 கிலோ சீவல் என்றால் ஒரு கிலோவுக்கு மேல் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். அந்தச் சூட்டைக் கொடுக்கப் புதுக்கடை அடுப்புக்குச் சக்தி இல்லையென்றால், சீவல் விழுந்ததும் இறங்கிய எண்ணெய்ச் சூடு திரும்ப ஏறாது. காய் பொரியாமல் எண்ணெயில் வெந்துகொண்டிருக்கும். வெளியே எடுக்கும்போது கனமாக, எண்ணெய் குடித்து, ஓரம் மட்டும் நிறம் மாறி இருக்கும். மெல்லிய எவர்சில்வர் சட்டியாக இருந்தால் இன்னும் மோசம். கனமான இரும்புச் சட்டி தன்னிடம் தேக்கி வைத்திருக்கும் சூடு அதில் இருக்காது.

இதைத் திறப்பு விழாவுக்கு முன்பே தண்ணீரை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இரண்டு கடையிலும் அவரவர் சட்டியில் 5 லிட்டர் தண்ணீர் ஊற்றி, முழுத் தீயில் 40 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்கு ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். தாய்க்கடையில் 4 நிமிடம், புதுக்கடையில் 6 நிமிடம் என்றால், புதுக்கடைக்கு வந்து சேரும் சூடு மூன்றில் இரண்டு பங்குதான். எனவே அங்கே ஒரு ஈடுக்கு 2 கிலோ போடக்கூடாது, 1.3 கிலோ போட வேண்டும். அல்லது பர்னரையும் ரெகுலேட்டரையும் மாற்ற வேண்டும். கடல்காற்று நேராக அடிக்கும் இடத்தில் தீயைச் சுற்றி மறைப்பு வைத்த பிறகே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். சோதனை முடிந்ததும் சட்டியைத் துடைத்து, சூடுகாட்டி, ஒரு துளி ஈரமும் இல்லாமல் காயவைத்த பிறகுதான் எண்ணெய் ஊற்ற வேண்டும்.

எஸ்.ஓ.பி.யில் வர வேண்டியவை இவை: எண்ணெய் எத்தனை லிட்டர், ஒரு ஈடுக்குச் சீவல் எவ்வளவு, போடும்போது சூடு எவ்வளவு (170 முதல் 180 டிகிரி), எப்போது அள்ள வேண்டும். அள்ளும் நேரத்துக்குக் கடிகாரத்தைவிட அடையாளம் நல்லது. நுரை அடங்கி, சலசலப்பு குறைந்து, ஜல்லிக்கரண்டியால் கிளறினால் சிப்ஸ் ஒன்றோடொன்று மோதி 'கலகல' என்று கேட்கும். அந்தச் சத்தம் வருவதற்கு முன்னே எடுத்தால் மறுநாள் சவசவத்துவிடும். நிமிடக் கணக்கை அடைப்புக்குள் துணைக்கு எழுதினால் போதும்.

சூடு பார்க்க நீளமான கம்பியுள்ள வெப்பமானியே வாங்குங்கள். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் கருவி மேற்பரப்பைத்தான் அளக்கும். நுரையும் ஆவியும் மூடியிருக்கும்போது அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. கம்பி வெப்பமானியை மாதம் ஒருமுறை கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். நம் கடலோரப் பகுதியில் 100 டிகிரியை ஒட்டிக் காட்ட வேண்டும்.

எண்ணெய் மாற்றுவதை நாள் கணக்கில் எழுதுவது

இந்தத் தவறுதான் அதிகம் கண்ணில் படாதது, அதனாலேயே அதிகம் கெடுப்பதும். "மூன்று நாளைக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றவும்" என்று தாய்க்கடையின் வழக்கத்தை அப்படியே நகல் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சிப்ஸின் எடையில் கால்பங்கு எண்ணெய் என்று வைத்தால், தினம் 30 கிலோ சிப்ஸ் போடும் தாய்க்கடையில் 8 லிட்டர் எண்ணெய் சிப்ஸோடு வெளியேறும், 8 லிட்டர் புது எண்ணெய் உள்ளே வரும். 12 லிட்டர் சட்டியில் இது மூன்றில் இரண்டு பங்கு. பெயருக்குத்தான் பழைய எண்ணெய், உண்மையில் தினமும் பெரும்பாலும் புதியது.

புதுக்கடையில் தினம் 5 கிலோதான் போகிறது. அதே 12 லிட்டர் சட்டியில் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்கூடப் புதிதாகச் சேராது. ஆனால் கூட்டம் வந்தால் உடனே போட்டுக் கொடுக்க வேண்டும் என்று எண்ணெய் காலையிலிருந்து மாலைவரை சூடாகவே கிடக்கும். ஆக, குறைவாக வியாபாரம் ஆகும் கடையில்தான் எண்ணெய் சீக்கிரம் கெடுகிறது. மூன்றாம் நாள் தாய்க்கடை எண்ணெயும் புதுக்கடை எண்ணெயும் ஒன்றல்ல.

இதற்குச் சரியான தீர்வு சட்டியைச் சிறிதாக்குவது. 5 லிட்டர் சட்டி, அதற்கேற்ற சிறிய ஈடு, ஈடு முடிந்ததும் தீயை அணைப்பது. அது முடியாவிட்டால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மொத்தமாகப் பொரிக்கலாம். எண்ணெயைக் கொட்டும் எல்லையை நாள் கணக்கில் எழுதாமல் அளவில் எழுதுங்கள். உணவுப் பாதுகாப்பு விதிப்படி, எண்ணெய் திரும்பத் திரும்பச் சூடாகும்போது அதில் சேரும் மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது. அதை அளக்கும் கையடக்கக் கருவி கடைகளுக்குக் கிடைக்கிறது. விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் ஒன்று வாங்கி இரண்டு கடைக்கும் சுற்றில் விடலாம். கருவி வரும்வரை, சீவல் இல்லாதபோதே நுரை நிற்பது, பொரிக்கும் சூட்டிலேயே புகை எழுவது, எண்ணெய் கரண்டியிலிருந்து கொழகொழவென்று வடிவது ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

சில கடைக்காரர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, புதுக்கடையில் பொரிக்கவே வேண்டாம், மார்த்தாண்டத்திலிருந்து அனுப்பிவிடலாம் என்று முடிவெடுப்பார்கள். தினம் 10 கிலோவுக்குக் கீழ் போகும் கடைக்கு அதுதான் புத்திசாலித்தனம். அப்போது ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சிப்ஸ் முழுதும் ஆறாமல் டின்னை மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்த ஈரம் சிப்ஸில் இறங்கும். கடலோரக் காற்றில் டின்னைத் திறந்து வைத்து விற்பதும் அதே கதிதான். சிறு பாக்கெட்டாக ஒட்டி அனுப்புவது நல்லது.

உப்பைக் கரண்டியால் அளப்பது

சிப்ஸ் பொரியும்போது எண்ணெயில் ஊற்றுவதற்கு "உப்புமஞ்சள் தண்ணீர் ஒரு கரண்டி" என்று எழுதுவார்கள். அந்தத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று எழுதமாட்டார்கள். ஒருவர் புத்தளம் பக்கத்துக் கல்லுப்பு போடுவார், இன்னொருவர் பாக்கெட் தூளுப்பு போடுவார். ஒரே குவளைக்குள் இரண்டும் ஒரே எடை இருக்காது.

எளிய வழி, கரையும்வரை உப்புப் போட்டு, அடியில் கரையாத உப்பு எப்போதும் தங்கியிருக்கும்படி வைப்பது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 360 கிராம் உப்புதான் கரையும், அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் தண்ணீரின் கரிப்பு ஏறாது. யார் கரைத்தாலும் ஒரே கரைசல் கிடைக்கும். பிறகு மில்லிலிட்டரை மட்டும் அளந்தால் போதும். ஒரு கிலோ சிப்ஸுக்கு 12 கிராம் உப்பு வேண்டுமென்றால் இந்தக் கரைசலில் ஏறத்தாழ 38 மில்லி. எண்ணெயின் அடியிலும் கொஞ்சம் உப்பு தங்கிவிடும் என்பதால், தாய்க்கடையில் நாக்கால் பார்த்து இறுதி அளவை முடிவுசெய்து, அந்த அளவுக்குக் கோடு போட்ட கரண்டியையே புதுக்கடைக்குக் கொடுங்கள். நுரை பாதி அடங்கிய பிறகு, ஓரமாக, சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் எண்ணெய் பொங்கித் தீயில் விழும்.

காய்க்குப் பெயரை மட்டும் எழுதுவது

தாய்க்கடைக்குப் பழகிய தோட்டக்காரர் பதம் பார்த்து வெட்டித் தருவார். புதுக்கடை ஆள் வடசேரி சந்தையில் நின்று 'ஏத்தன் குலை' என்று கேட்டு வாங்குவார். முற்றாத காய் வெளுத்து, ருசியில்லாமல் வரும். முற்றிப் பழுக்கத் தொடங்கிய காயில் மாவு சர்க்கரையாக மாறியிருக்கும், அது தண்ணீர் போகும் முன்பே கருகும். தோலின் பச்சையைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

எனவே ஒவ்வொரு குலையிலிருந்தும் ஒரு காயை எடுத்து, ஐந்து சீவலைப் பொரித்துப் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். சத்தம் அடங்கும் முன்பே ஓரம் பழுப்பானால் அந்தக் குலை சிப்ஸுக்கு ஆகாது, பழமாக விற்கட்டும். பழுத்த குலைகளோடு ஒரே அறையில் காயை வைக்கக்கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சீவலின் கனத்துக்குப் பத்துச் சீவலை அடுக்கி ஸ்கேல் வைத்தால் 15 மில்லிமீட்டர் வர வேண்டும். கத்தி மழுங்கினால் முதலில் தெரிவது இங்கேதான்.

எழுதியதைச் சரிபார்க்க வழி வைக்காமல் விடுவது

புதுக்கடையிலும் தினம் ஒரு ஈட்டின் எடையைக் குறிக்கச் சொல்லுங்கள். தோலோடு 10 கிலோ காய், உரித்தால் ஆறரை கிலோ, பொரித்தால் 3 கிலோவுக்குச் சற்று மேல். தாய்க்கடையின் எண்ணைவிடப் புதுக்கடையில் சிப்ஸ் அதிகமாகக் கிடைத்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. தண்ணீர் போகாமல் இருக்கிறது, இல்லையென்றால் எண்ணெய் குடித்திருக்கிறது.

ருசிக்கு, வாரம் ஒருமுறை, எது எந்தக் கடைச் சிப்ஸ் என்று அறியாத ஆறு பேருக்கு மூன்று தட்டுகள் கொடுங்கள். இரண்டில் ஒரு கடையின் சிப்ஸ், ஒன்றில் மற்றக் கடையினுடையது. எந்தத் தட்டு வேறு என்று கேளுங்கள். குருட்டு யூகத்தில் இருவர் சரியாகச் சொல்லிவிடுவார்கள், அது கணக்கில்லை. ஐந்து பேர் சரியாகச் சொன்னால் இரண்டு கடைச் சிப்ஸும் உண்மையிலேயே வேறு. அப்போது ஈட்டின் எடை, எண்ணெய்ச் சூடு, எண்ணெயின் நிலை, சீவலின் கனம் என்ற வரிசையில் பார்த்துக்கொண்டு வாருங்கள். ஒரே நாளில் இரண்டை மாற்றாதீர்கள், எதனால் சரியானது என்று பிறகு தெரியாது.