ரோபோ தறிகெட்டு ஓடும்போது கையால் பொசிஷன்களை மூடுவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் மெட்டாடிரேடர் 5-இல் தானாக வாங்கி விற்கும் ரோபோ ஓட்டும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். ஸ்டாப் லாஸ் வை, முதலில் டெமோவில் ஓட்டிப் பார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். ரோபோ தப்பாக நடக்கிறது, அதன் கோடை இனி நம்ப முடியாது என்று தெரிந்த பிறகு எல்லாப் பொசிஷனையும் கையால் எப்படி மூடுவது என்பதில்தான் ஆளுக்கு ஆள் அதே பிழையை விடுகிறார்கள்.

ரோபோவை நிறுத்தாமல் பொசிஷனை மூடுவது

இதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

உவர்மலையில் ஒரு தம்பி தங்கத்துக்கு கிரிட் ரோபோ ஓட்டினார். எப்போதும் ஆறு வாங்கல் பொசிஷன்கள் திறந்திருக்கும், ஒவ்வொன்றும் 0.10 லாட். விலை விழத் தொடங்கினால் ரோபோ தானாக ஒதுங்கியிருக்க வேண்டும். புதிதாக மாற்றிய கோடில் அந்த நிபந்தனை வேலை செய்யவில்லை. வீட்டில் கரண்ட் போய் லேப்டாப்பும் அணைந்துவிட்டதால், ரோபோவும் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு போனில் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கினார். ஆனால் ரோபோ ஓடியது விபிஎஸ்ஸில், அதாவது வேறெங்கோ ஓடும் வாடகைக் கணினியில். இவர் ஒன்றை மூட, அது எண்ணிப் பார்த்து, ஐந்துதான் இருக்கிறது என்று உடனே இன்னொன்றை வாங்கியது. “அண்ணா, மூட மூடத் திறக்குது” என்று எனக்கு அழைத்தபோது குரல் நடுங்கியது.

கணக்கைப் பாருங்கள். அவருடைய புரோக்கரிடம் ஒரு லாட் தங்கம் 100 அவுன்ஸ். ஆறு பொசிஷனும் சேர்த்து 60 அவுன்ஸ், அதாவது விலை ஒரு டொலர் இறங்கினால் 60 டொலர் நட்டம். எத்தனை தடவை மூடினாலும் அந்த 60 அவுன்ஸ் குறையவில்லை. அதற்கு மேல், ஸ்பிரெட் 30 சதம் என்றால் மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் 3 டொலர் தனியாகப் போகிறது. விலை 15 டொலர் விழுந்து முடிவதற்குள், ஸ்பிரெட் போக 900 டொலர் கரைந்துவிட்டது. முதல் நிமிடத்திலேயே ரோபோவைத் துண்டித்திருந்தால் அதில் பெரும் பகுதி மிஞ்சியிருக்கும்.

ஆகவே முதலில் ரோபோவின் கையை வெட்ட வேண்டும். ரிமோட் டெஸ்க்டொப் வழியாக விபிஎஸ்ஸுக்குள் போய், மேலே உள்ள `Algo Trading` பொத்தானை அழுத்திச் சிவப்பாக்குங்கள், `Ctrl+E` அழுத்தினாலும் சரி. பிறகு டெர்மினலையே மூடிவிடுங்கள். பொசிஷன்களும் அவற்றின் ஸ்டாப் லாஸும் புரோக்கரின் சேர்வரில் இருப்பதால் டெர்மினலை மூடினாலும் அழியாது. ஸ்டாப்பைக் கோடுக்குள் மட்டும் வைத்திருக்கும் ரோபோ என்றால், அந்த நொடியிலிருந்து பாதுகாப்பு இல்லை, கை வேகமாக ஓட வேண்டும்.

இங்கே பலர் ரிமோட் டெஸ்க்டொப் ஜன்னலின் பெருக்கல் குறியை அழுத்திவிட்டு, எல்லாம் நின்றுவிட்டது என்று நம்புகிறார்கள். உங்கள் பார்வைதான் அங்கே அறுபடுகிறது, உள்ளே ரோபோ ஓடிக்கொண்டேதான் இருக்கும். விபிஎஸ்ஸுக்குள் நுழையவே முடியாவிட்டால், வாடகைக்குத் தந்தவரின் இணையப் பக்கத்தில் போய் இயந்திரத்தை முழுதாக அணையுங்கள். ரீஸ்டார்ட் வேண்டாம். டெர்மினல் தானாகத் திறக்கும்படி வைத்திருந்தால் ரோபோவும் கூடவே எழும்பிவிடும். மெட்டாடிரேடரின் உள்ளேயே வரும் ஹோஸ்டிங்கில் ஓட்டுபவர்கள் வீட்டுக் கணினியில் `Algo Trading`ஐ அணைத்துப் பயனில்லை, அந்த ஹோஸ்டிங்கையே நிறுத்த வேண்டும்.

மூடி முடித்த பிறகும் போனைக் கீழே வைக்காதீர்கள். ரோபோ சார்ட்டின் எந்த மெழுகுவர்த்தியில் முடிவெடுக்குமோ, அது இரண்டு கடக்கும்வரை `Trade` பக்கத்தைப் பாருங்கள். புதிய டிக்கெட் எண் ஒன்று தோன்றினாலும் துண்டிப்பு சரியாக நடக்கவில்லை, அல்லது அதே கணக்கில் இன்னொரு ரோபோ எங்கோ ஓடுகிறது.

ரோபோவுக்குள் உள்ள ‘எல்லாம் மூடு’ பொத்தானை நம்புவது

கோடு கெட்டுவிட்டது என்று தெரிந்தும், அதே கோடில் எழுதிய பொத்தானை அழுத்துகிறார்கள். பல பேருடைய கோப்பில் நான் பார்த்தது இது:

```
for(int i=0; i<PositionsTotal(); i++)
{
   ulong t = PositionGetTicket(i);
   if(PositionGetInteger(POSITION_MAGIC)==Magic)
      trade.PositionClose(t);
}
```

பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் முதலாவதை மூடியதும் பட்டியல் ஒரு படி மேலே நகர்கிறது, `i` 1 ஆகிறது, இரண்டாவது பொசிஷன் தப்பிவிடுகிறது. ஆறு இருந்தால் மூன்றுதான் மூடும். கடைசியிலிருந்து எண்ணி வந்தால் இது வராது. அப்படித் திருத்தினாலும், வேறு மேஜிக் எண்ணில் திறந்த பொசிஷன்களையும் நீங்கள் கையால் திறந்தவற்றையும் இந்தக் கோடு தொடாது. ‘எல்லாம்’ என்று பொத்தானில் எழுதியிருப்பதை நம்பி ஆள் நிம்மதியாகிவிடுவார், மிச்சம் உள்ளே கிடக்கும்.

கையால் மூடும் வழி டெர்மினலிலேயே இருக்கிறது. `Trade` பகுதியில் வலது கிளிக் செய்தால் வரும் `Bulk Operations`-இல் எல்லாவற்றையும் மூடலாம். அது உங்கள் வெர்ஷனில் இல்லையென்றால், பெரிய லாட்டிலிருந்து ஒவ்வொன்றாக மூடுங்கள்.

எதிர்ப்பக்கம் ஆர்டர் போட்டு ‘மூடுவது’

ஹெட்ஜிங் கணக்கில் வாங்கலை மூட விற்பனை போட்டால் எதுவும் மூடாது, இரண்டு பொசிஷன் ஆகும். அந்த டிக்கெட்டை அழுத்தி `Close` கொடுங்கள். நெட்டிங் கணக்கில் எதிர் ஆர்டர் மூடும், ஆனால் அளவு தவறினால் மறுபக்கம் திரும்பிவிடும்.

வாங்கலும் விற்பனையும் எதிரெதிராக ஏற்கெனவே இருந்தால், ஒன்றை மட்டும் மூடியதும் மற்றது தனியாக நின்று மார்ஜினை விழுங்கும். அந்தச் சோடியை `Close By` மூலம் ஒன்றாக மூடுங்கள்.

பெண்டிங் ஆர்டரை மறப்பது

ரோபோ செத்தாலும் அது வைத்த லிமிட்டும் ஸ்டாப்பும் சேர்வரில் உயிரோடு இருக்கும். அவற்றையும் அழியுங்கள்.

போனில் இன்வெஸ்டர் பாஸ்வேர்ட்

அதில் எல்லாம் தெரியும், எதையும் மூட முடியாது. மாஸ்டர் பாஸ்வேர்டோடு, லொகின் எண்ணும் சேர்வர் பெயரும் கடதாசியில் இருக்கட்டும்.

ஓடும்போதே கோடைத் திருத்துவது

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் நிறுவனத்தில் இதுதான் நடந்தது. எட்டு சேர்வரில் ஏழுக்குப் புதிய கோடு சரியாகப் போனது, ஒன்றில் மட்டும் பழைய கோடு கிடந்து ஆர்டர்களைக் கொட்டத் தொடங்கியது. சிக்கலைத் தீர்க்க நினைத்து, சரியாக இருந்த ஏழிலிருந்தும் புதிய கோடை எடுத்துவிட்டார்கள். அந்த ஏழும் சேர்ந்து அதே பிழையைச் செய்யத் தொடங்கின. சுமார் 45 நிமிடத்தில் நட்டம் 46 கோடி டொலரைத் தாண்டியது. என்ன பிழை என்று தேடும் வேலை, பொசிஷன் பூச்சியமாகி ஆர்டர்களும் அழிந்த பிறகு வரட்டும்.

சந்தை மூடியிருக்கும் நேரம்

சனி விடிகாலை சந்தை அடைத்துவிட்டால் எந்தப் பொத்தானாலும் மூட முடியாது. ரோபோவைத் துண்டித்து வைத்துவிட்டு, திங்கள் விடிகாலை சந்தை திறக்கும்போது கையோடு இருங்கள். இடைவெளியில் விலை தாவித் திறந்தால் ஸ்டாப் லாஸ்கூட நீங்கள் வைத்த விலையில் நிறைவேறாது.

ஒத்திகை பார்க்காமல் இருப்பது

டெமோ கணக்கில் 0.01 லாட்டில் ஆறு பொசிஷனும் இரண்டு பெண்டிங் ஆர்டரும் வைத்து, ரோபோவை விபிஎஸ்ஸில் ஓடவிட்டு, லேப்டாப்பைத் தொடாமல் போனை மட்டும் வைத்து எல்லாவற்றையும் பூச்சியமாக்கிப் பாருங்கள். விபிஎஸ் பாஸ்வேர்ட் லேப்டாப்பில் மட்டும்தான் சேமித்திருக்கிறது என்பது பலருக்கு அப்போதுதான் தெரியவரும்.