சோடாவின் குமிழி அடங்காமல் இருக்க

வன்னி வெயிலில் கடை வாசலில் கிடந்த சோடாப் போத்தலை அப்படியே திறந்தால் வாயு நுரையாகவே போய்விடும். சூடான நீரில் காபனீரொட்சைட்டு தங்காது. எனவே போத்தலை முதல் நாளே பிரிட்ஜில் வையுங்கள். பெரிய போத்தலை விடச் சின்னதே நல்லது. திறந்து வைத்த மிச்சம் சப்பென்றாகிவிடும்.

தென்னஞ்சாராயத்துக்கு ஜிஞ்சர் பியர்தான் என் தெரிவு. இனிப்பு வேண்டாமென்றால் வெறும் சோடாவும் தேசிக்காயும். 50 மில்லிலீற்றர் சாராயத்துக்கு 150 போதும்.

உயரமான கிளாஸை ஐஸால் நிரப்புங்கள். ஐஸில் வெள்ளையாகப் பனி படிந்திருந்தால் குளிர்நீரில் அலசி வடியுங்கள். அந்தச் சொரசொரப்பில்தான் குமிழி பொங்கி வெளியேறும். சாராயமும் தேசிச்சாறும் முதலில், சோடா கடைசியில். கிளாஸைச் சரித்து ஓரமாக ஊற்றுங்கள். அப்புறம் கலக்க வேண்டாம், கரண்டியால் அடியிலிருந்து ஒருமுறை மெல்லத் தூக்கிவிட்டால் சரி.