திருப்பிக் கொடுத்த சேலையும் வரவுக் குறிப்பும்: சில்லறைக் கடைக்கான கணக்குப் பதிவு முறை

மதுரை தெற்கு மாசி வீதியில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். பத்து நாட்களுக்குள் சேலையைத் திருப்பித் தரலாம். பணத்துக்குப் பதிலாக வரவுக் குறிப்பு தரப்படும் என்பது அந்தக் கடையின் ஏற்பாடு. கடைக்காரர்கள் இதைக் ‘கிரெடிட் நோட்’ என்றே சொல்வார்கள். ஒரு சேலையின் விலை 2,000 ரூபாய், மத்திய, மாநில ஜிஎஸ்டி தலா 50 ரூபாய், ஆக பில் தொகை 2,100 ரூபாய். அதன் அடக்க விலை 1,400 ரூபாய்.

முதல் படி: சேலையைப் பார்த்து வாங்குதல்

பில்லையும் சேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விலைச்சீட்டு இருக்கிறதா, ஃபால்ஸ் தைக்கப்பட்டிருக்கிறதா, ஒருமுறை நனைத்ததால் கஞ்சி மொடமொடப்பு போயிருக்கிறதா என்பதை விரித்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பழையபடி விற்கக்கூடிய சேலை 1,400 ரூபாய்க்கே சரக்கிருப்பில் ஏறும். இனி 1,200 ரூபாய்க்குத்தான் விலைபோகும் என்றால் 1,200 ரூபாய்க்கு ஏற்றி, மீதி 200 ரூபாயை நட்டமாக எழுத வேண்டும். சேலையில் குறை இருந்தால் நிலை வேறு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில்லில் கெடு குறிப்பிடாத கடை 30 நாட்களுக்குள் வரும் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடைமுறையாகும்.

இரண்டாம் படி: வரவுக் குறிப்பு எழுதுதல்

குறிப்பில் அதற்கான வரிசை எண், தேதி, மூல பில்லின் எண், மதிப்பு, வரி ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும். பதிவு இவ்வாறு அமையும்:

விற்பனைத் திருப்பம் – பற்று 2,000
மத்திய ஜிஎஸ்டி – பற்று 50
மாநில ஜிஎஸ்டி – பற்று 50
வரவுக் குறிப்புப் பொறுப்பு – வரவு 2,100

சரக்கிருப்புக்கு 1,400 பற்று, விற்ற சரக்கின் அடக்கத்துக்கு 1,400 வரவு என்பது இதனுடன் சேரும் இன்னொரு பதிவு. விற்பனைத் திருப்பத்தை எழுதிவிட்டு இதை விட்டுவிட்டால், அலமாரியில் இருக்கும் சேலை கணக்கில் இருக்காது. வரியைக் குறைத்துக்கொள்வதற்கும் ஒரு கெடு உண்டு: விற்பனை நடந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30ஆம் தேதி, அல்லது ஆண்டு விவர அறிக்கை தாக்கல் செய்த நாள், இவற்றில் எது முந்தியதோ அதற்குள் வரவுக் குறிப்பை ஜிஎஸ்டி விவர அறிக்கையில் காட்டிவிட வேண்டும்.

மூன்றாம் படி: குறிப்பைக் கொண்டு வேறு சேலை வாங்கும்போது

தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நேர்கின்றன. அதே வாடிக்கையாளர் சில நாட்கள் கழித்து வந்து, 1,500 ரூபாய் விலையும் 75 ரூபாய் வரியும் உள்ள ஒரு சேலையை அந்தக் குறிப்பைக் கொடுத்து எடுக்கிறார். பில் போடுபவர் 1,575 ரூபாயைத் தள்ளுபடி என்ற இடத்தில் போட்டு பில்லைப் பூஜ்யமாக்கிவிட்டால், சேலை திரும்பி வந்தபோது ஒருமுறை குறைந்த விற்பனை இப்போது மறுபடியும் குறைகிறது. புதிய சேலைக்குக் கட்ட வேண்டிய வரியும் விடுபடுகிறது. வரவுக் குறிப்பு ரொக்கத்தையும் கார்டையும் போலப் பணம் செலுத்தும் ஒரு வழிதான். ஆகவே பொறுப்புக் கணக்கில் 1,575 பற்று, விற்பனைக்கு 1,500 வரவு, வரிக்கு 75 வரவு என்று முழு விற்பனையாகவே எழுத வேண்டும். மீதமுள்ள 525 ரூபாய் கடையின் பொறுப்பாகத் தொடரும்.

தவறு நேர்ந்திருக்கிறதா என்பதை மாதக் கடைசியில் கண்டுபிடித்துவிடலாம். அடிக்கட்டைப் புத்தகத்தில் இன்னும் பயன்படுத்தப்படாத குறிப்புகளின் தொகையைக் கூட்டிப் பேரேட்டிலுள்ள பொறுப்பு இருப்போடு ஒப்பிடுங்கள். பேரேட்டு இருப்பு கூடுதலாக இருந்தால், ஏதோ ஒரு குறிப்பு தள்ளுபடியாகப் போயிருக்கிறது என்று சந்தேகித்து அந்த மாதத் தள்ளுபடிப் பதிவுகளை முதலில் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: மார்ச் 31 அன்று செய்ய வேண்டியது

மார்ச் மாதக் கடைசிப் பத்து நாட்களில் இதே விலையில் 100 சேலைகள் விற்று, அவற்றில் எதுவும் இன்னும் திரும்பாமல் இருப்பதாகக் கொள்வோம். முந்தைய ஆண்டுகளின் பில்களைப் பார்த்தால் நூற்றுக்கு ஆறு திரும்பியிருக்கின்றன. அப்படியானால் அந்த ஆறின் 12,000 ரூபாயை இந்த ஆண்டின் விற்பனையாகக் காட்டாமல், திருப்பித் தர வேண்டிய பொறுப்பாக வைக்க வேண்டும். அவற்றின் அடக்கமான 8,400 ரூபாய், திரும்பி வரவிருக்கும் சரக்கு என்ற தனிச் சொத்தாகும். இதனால் இலாபம் 3,600 ரூபாய் குறைகிறது. இந்தக் கட்டத்தில் வரியைத் தொடக் கூடாது, ஏனெனில் வரவுக் குறிப்பு இன்னும் எழுதப்படவில்லை. இது இந்தியக் கணக்கியல் தரம் 115 கூறும் முறை. சிறு கடைகளுக்கு அந்தத் தரம் கட்டாயமில்லை என்றாலும், ஆண்டின் உண்மையான இலாபத்தை அறிய விரும்புவோர் இப்படிச் செய்வதே சரி என்பது என் கருத்து. நிறம் மட்டும் மாற்றி அதே விலையில் அதே ரகச் சேலையை எடுத்துச் செல்பவர்களை இந்த ஆறில் சேர்க்கத் தேவையில்லை.

ஏப்ரல் 10ஆம் தேதிக்குள் நான்கு சேலைகளே திரும்பினால், பொறுப்பிலிருந்து 8,000 ரூபாயும் வரியாக 400 ரூபாயும் பற்றாகி, 8,400 ரூபாய் வரவுக் குறிப்புப் பொறுப்புக்கு மாறும். அந்த நான்கின் அடக்கமான 5,600 ரூபாய் தனிச் சொத்திலிருந்து சரக்கிருப்புக்குப் போகும். திரும்பாத இரண்டின் 4,000 ரூபாய் விற்பனைக்கும், 2,800 ரூபாய் விற்ற சரக்கின் அடக்கத்துக்கும் போய்ச் சேர, மார்ச்சில் தொடங்கிய இரண்டு கணக்குகளும் பூஜ்யத்தில் முடியும்.