ஆய்வு முன்மொழிவை மதிப்பிடுவது எப்படி: ஒரு முருங்கைக்கீரை ஆய்வை வைத்துப் பார்ப்போம்

முதன்முதலாக ஒரு ஆய்வு முன்மொழிவைக் கையில் கொடுத்து "படித்துவிட்டுக் கருத்து எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டால், நம்மில் பலரும் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறோம். அங்கேதான் சறுக்குகிறது. முன்னுரை நன்றாக எழுதப்பட்டிருந்தால் ஆய்வும் நன்றாக இருக்கும் என்று மனம் நம்பிவிடுகிறது. நான் முன்னுரையைக் கடைசியாகத்தான் படிப்பேன். முதலில் படிப்பது ஆய்வுமுறைப் பகுதியை, அதுவும் நோக்கங்கள் எழுதிய பக்கத்தைப் பார்க்காமல்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு முன்மொழிவை வைத்துக்கொள்வோம். நான் படித்த பலவற்றைக் கலந்து செய்தது இது, எந்த மாணவருடையதும் இல்லை. ஊட்டச்சத்தியல் முதுகலை மாணவி ஒருவர் கொடுத்திருக்கிறார். தலைப்பு: "கிராமப்புற மாணவியரின் ரத்தசோகையில் முருங்கைக்கீரையின் பங்கு". காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, 6 மாதம்.

முதல் படி: ஆய்வுமுறையை மட்டும் படித்து, கேள்வியை நீங்களே எழுதுங்கள்

ஆய்வுமுறையில் இருப்பது இவ்வளவுதான். ஒரு அரசுப் பள்ளியின் 9, 11ஆம் வகுப்பு மாணவியர் 100 பேர். ஒரே ஒரு முறை சந்திப்பு. வினாநிரலில் "கீரை அடிக்கடி சாப்பிடுவீர்களா?" என்று ஒரு கேள்வி. அப்புறம் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு.

இப்போது ஒரு தாளை எடுத்து, "இதையெல்லாம் செய்து முடித்தால் எந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்?" என்று எழுதிப் பாருங்கள். எனக்குக் கிடைத்தது இது: இந்தப் பள்ளியில், இன்றைய தேதியில், எத்தனை சதவீத மாணவியருக்கு ரத்தசோகை இருக்கிறது? கீரை அடிக்கடி சாப்பிடுவதாகச் சொல்பவர்களிடம் அது குறைவாக இருக்கிறதா?

சரி, இனி நோக்கங்கள் பக்கத்தைத் திருப்புங்கள். அதில் இப்படி இருக்கிறது: "முருங்கைக்கீரை உண்பது ரத்தசோகையைக் குறைக்கிறதா எனக் கண்டறிதல்."

உங்கள் தாளில் இருப்பதும் அவர் எழுதியிருப்பதும் ஒன்றல்ல. "குறைக்கிறது" என்று சொல்ல முன்னும் பின்னும் அளந்திருக்க வேண்டும், கீரை கொடுக்காத ஒரு குழுவும் வேண்டும். இங்கே கீரைப் பழக்கத்தையும் ஹீமோகுளோபின் அளவையும் ஒரே நாளில் பார்த்துவிடுகிறார். அது ஏன் ஆபத்து என்றால், ஒரு பெண்ணுக்குப் போன மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் குறைவு என்று சொல்லியிருப்பார்கள், அன்றிலிருந்து அவள் அம்மா விடாமல் முருங்கைக்கீரைப் பொரியல் செய்து போட்டிருப்பார். வினாநிரலில் அவள் "அடிக்கடி சாப்பிடுவேன்" என்பாள், ரத்தத்திலோ அளவு குறைவாகவே காட்டும். இப்படிப் பத்துப் பேர் இருந்தால் போதும், கீரை சாப்பிட்டால் ரத்தசோகை வரும் என்று ஆய்வு முடிவு வந்து நிற்கும். கூடவே, அரசுப் பள்ளிகளில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் திட்டம் இருக்கிறது. அதை விழுங்குகிறார்களா என்று வினாநிரலில் கேள்வியே இல்லை.

இரண்டாம் படி: கேள்வியில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் அளக்க முடியுமா?

இதில் ரத்தசோகை தப்பித்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி இந்த வயதுப் பெண்களுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே ஹீமோகுளோபின் இருந்தால் ரத்தசோகை. மாணவி அதை எழுதியிருந்தால் போதும்.

சிக்கல் "அடிக்கடி" என்ற சொல்லில். வாரம் இரண்டு முறை சாப்பிடும் வீட்டுப் பெண்ணுக்கு அதுவே அடிக்கடிதான், இன்னொருத்திக்கு அது அபூர்வம். "கடந்த 7 நாளில் எத்தனை நாள் முருங்கைக்கீரை சாப்பிட்டீர்கள்?" என்று மாற்றினால் எண் கிடைக்கும். தலைப்பில் முருங்கை, வினாநிரலில் வெறும் கீரை என்று இருப்பதையும் குறித்து வையுங்கள். தலைப்பு, நோக்கம், வினாநிரல் மூன்றிலும் ஒரே பொருள் ஒரே பெயரில் வருகிறதா என்று பென்சிலால் வட்டம் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். நேரம் அதிகம் ஆகாது, நிறைய அகப்படும்.

மூன்றாம் படி: 100 பேர் போதுமா?

இதற்கு "எந்தக் கேள்விக்கு?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். சதவீதம் மட்டும் அறிய வேண்டுமானால் இந்தச் சூத்திரம்:

```
n = 1.96² × p × (1 − p) / d²
```

n என்பது தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கை, 1.96 என்பது 95 சதவீத நம்பிக்கை அளவுக்கான எண், p என்பது எதிர்பார்க்கும் அளவு, d என்பது நாம் ஏற்கும் பிழை. பாதிப் பேருக்கு இருக்கலாம் என்று p = 0.5, பிழை 10 சதவீதப் புள்ளி என்று d = 0.1 போட்டால் 96.04 வரும், அதாவது 97 பேர். ஆக 100 போதும். பிழையை 5 புள்ளிக்குக் குறைத்தால் 385 ஆகிவிடும்.

ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அதே 100 போதாது. வாரத்தில் 3 நாளுக்கு மேல் முருங்கைக்கீரை சாப்பிடுபவர்கள் 15 பேர்தான் கிடைத்தார்கள் என்று வையுங்கள். அவர்களில் 9 பேருக்கு ரத்தசோகை என்றால் 60 சதவீதம். இரண்டே பேருக்கு அளவு சற்று மேலே வந்து 7 ஆனால் 47 சதவீதம். விரலை அழுத்திப் பிழிந்து ரத்தம் எடுத்தாலே திசுநீர் கலந்து அளவு குறைவாகக் காட்டும். அதனால் இந்த இரண்டு பேர் இப்படியும் போகலாம், அப்படியும் போகலாம். மொத்த முடிவே அவர்கள் கையில் இருக்கக் கூடாது.

நான்காம் படி: கால அட்டவணையை நாட்காட்டியோடு வைத்துப் பாருங்கள்

ரத்தம் எடுத்து, வினாநிரல் நிரப்ப ஒரு பெண்ணுக்கு 20 நிமிடம். பள்ளியில் விளையாட்டு வகுப்பும் மதிய இடைவேளையில் கொஞ்சமும் கொடுத்தால் ஒரு நாளில் 80 நிமிடம், நான்கு பேர். 100 பேருக்கு 25 வேலை நாள், அதாவது ஐந்து வாரம். இது முடிகிற வேலைதான். ஆனால் மாணவி தரவு சேகரிப்பை மார்ச்சில் வைத்திருக்கிறார். பொதுத்தேர்வு நடக்கும் மாதத்தில் எந்தத் தலைமையாசிரியரும் வகுப்பிலிருந்து பிள்ளைகளை அனுப்ப மாட்டார்.

அதற்கு முன்னால் அனுமதிகள். கல்வித்துறை அனுமதி, நெறிமுறைக் குழு ஒப்புதல், பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் இசைவையும் எழுத்தில் வாங்க வேண்டும். நெறிமுறைக் குழு தினமும் கூடுவதில்லை. முன்மொழிவில் இதற்கெல்லாம் சேர்த்து "ஒரு வாரம்" என்று போட்டிருந்தால், அந்த அட்டவணையை எழுதியவர் இன்னும் யாரிடமும் விசாரிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். சம்மதப் படிவம் எல்லா வீட்டிலிருந்தும் திரும்பி வராது, எனவே 100 பேர் வேண்டுமானால் கூடுதலாகவே கொடுத்தனுப்ப வேண்டும்.

கருத்து எழுதும்போது

நிராகரிக்க வேண்டிய முன்மொழிவு இல்லை இது. இரண்டு வழி இருக்கிறது, இரண்டையும் மாணவிக்கு எழுதிக் காட்டுங்கள். ஒன்று, ஆய்வுமுறையை வைத்துக்கொண்டு நோக்கத்தை மாற்றுவது. இன்னொன்று, நோக்கத்தை வைத்துக்கொண்டு ஆய்வுமுறையை மாற்றுவது. இரண்டாவதற்கு இரண்டு குழு, அளந்து கொடுக்கும் கீரை, முன்னும் பின்னும் ரத்தப் பரிசோதனை எல்லாம் வேண்டும். ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் குறைந்தது மூன்று மாதமாவது கொடுத்துப் பார்க்க வேண்டும். அனுமதி வாங்கும் காலத்தையும் சேர்த்தால் 6 மாதத்துக்குள் அடங்காது.

நான் எழுதிக் கொடுப்பது இப்படி இருக்கும்: "நோக்கத்தை 'இப்பள்ளியின் 9, 11ஆம் வகுப்பு மாணவியரில் எத்தனை சதவீதத்தினருக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைவு, அவர்கள் கடந்த 7 நாளில் எத்தனை நாள் முருங்கைக்கீரை சாப்பிட்டார்கள்' என்று மாற்றவும். 'பங்கு', 'குறைக்கிறது' என்ற சொற்களை நீக்கவும். இரும்புச்சத்து மாத்திரை பற்றியும், ரத்தம் குறைவு என்று முன்பே யாராவது சொன்னார்களா என்பது பற்றியும் கேள்வி சேர்க்கவும். அனுமதிக்கு நவம்பரிலேயே விண்ணப்பித்து, தரவு சேகரிப்பை ஜனவரியில் தொடங்கவும், பொங்கல் விடுமுறையைக் கழித்துக் கணக்கிடவும். திருத்திய பிரதியை இரண்டு வாரத்தில் கொடுங்கள், உடனே படித்துச் சொல்கிறேன்."