பார்வையற்ற ஊழியருக்கு ஆண்டு மதிப்பெண் போடுவது எப்படி: ஒரு கால் சென்டர் கணக்கு

கோலாலம்பூரில் கால் சென்டர்களிலும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுகளிலும் புதிதாக சூப்பர்வைசர் ஆனவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் டீமில் பார்வையற்ற ஒருவர் இருக்கிறார். ஆண்டுக் கடைசி, கே.பி.ஐ. படிவம் மேசைக்கு வந்துவிட்டது. பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். கணினி காட்டும் எண்ணை அப்படியே பார்த்து ஐந்துக்கு இரண்டு போடுவார்கள். இல்லையென்றால் "பாவம் லா, நாலு போட்டுடுங்க" என்று முடித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் அதிகம் கெடுக்கும். இரண்டு வாங்கியவர் ஏன் என்று கேட்பார். நாலு வாங்கியவருக்கு எதைத் திருத்த வேண்டும் என்றே தெரியாமல் போய்விடும்.

புரிவதற்காக ஓர் ஊழியரைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் கவிதா. ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் திரையில் இருப்பதை ஒரு காதில் வாசிக்க, மறு காதில் வாடிக்கையாளரைக் கேட்டுப் பேசுகிறார். பில் சம்பந்தமான அழைப்புகள் அவருடைய வேலை.

படி 1: எண்ணை உடைத்துப் பாருங்கள்

ஓர் அழைப்பைக் கையாள எடுக்கும் சராசரி நேரம் 360 வினாடிக்குள் இருக்க வேண்டும் என்பது இலக்கு. கவிதாவின் சராசரி 420. டீமின் சராசரி 355. இதை மட்டும் பார்த்தால் அவர் மெதுவானவர்.

ஆனால் இந்த எண் மூன்று துண்டுகளின் கூட்டுத்தொகை: பேசும் நேரம், வாடிக்கையாளரைக் காத்திருக்க வைக்கும் நேரம், பேசி முடித்த பிறகு பதிவு செய்யும் நேரம். கால் சென்டர் மென்பொருளின் அறிக்கையில் இவை தனித்தனியாகவே கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். டீமுக்கு 245, 30, 80. கவிதாவுக்கு 240, 30, 150. பேசுவதில் அவர் ஒரு வினாடிகூட பின்தங்கவில்லை. இடைவெளி முழுக்க பதிவு செய்வதில் இருக்கிறது.

அடுத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சில அழைப்புகளைக் கவனியுங்கள். புகார்ப் படிவத்தில் 'வகை' என்ற பெட்டிக்குப் பெயரே கொடுக்கப்படவில்லை. அதனால் ஸ்கிரீன் ரீடர் வெறுமனே "பட்டன், பட்டன்" என்று சொல்கிறது, அவர் எண்ணி எண்ணி இறங்குகிறார். தேதிப் பெட்டி மௌஸ் இல்லாமல் திறப்பதில்லை. கீபோர்டில் வேலை செய்பவர் அந்த இடத்தில் பக்கத்து ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

படி 2: கருவியைச் சரிசெய்யுங்கள், இலக்கில் கைவைக்காதீர்கள்

இந்த இடத்தில் நல்ல மனம் படைத்த சூப்பர்வைசர்கள் 'கவிதாவுக்கு 430' என்று தனி இலக்கு போடுவார்கள். அது வேண்டாம். அந்த 430 அவரோடு ஆண்டுக்கணக்காக ஒட்டிக்கொள்ளும். பதவி உயர்வு பேசும்போது 'அவருக்கு இலக்கே குறைவு' என்று யாராவது எடுத்து வைப்பார்கள்.

ஐ.டி. பிரிவுக்கு எழுதுங்கள்: பெட்டிகளுக்குப் பெயர் வேண்டும், தேதியைத் தட்டச்சு செய்ய முடிய வேண்டும், சேமிக்க ஒரு கீபோர்டு குறுக்குவழி வேண்டும். ஸ்கிரீன் ரீடரோடு சோதித்த பிறகே முடிந்தது என்று ஏற்றுக்கொள்ளுங்கள். பதிவு நேரம் 88 வினாடிக்கு இறங்கினால் மொத்தம் 358. எல்லோருக்கும் உள்ள அதே இலக்கை அவர் தொட்டுவிடுகிறார்.

சரி, திருத்தம் ஆகஸ்டில்தான் வந்தது என்றால்? ஜனவரி முதல் ஜூலை வரைக்கும் மொத்த நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் பேசும் நேரத்தையும் அழைப்பின் தரத்தையும் மட்டும் மதிப்பிடுங்கள். ஆகஸ்டிலிருந்து முழு இலக்கு. கே.பி.ஐ. படிவத்தில் காரணத்தை எழுதும்போது 'புகார்ப் படிவக் கோளாறு, ஆகஸ்டில் சரிசெய்யப்பட்டது' என்று எழுதுங்கள். 'பார்வைக் குறைபாடு காரணமாக' என்று எழுதாதீர்கள், ஏனென்றால் அது உண்மையும் இல்லை. மருத்துவ விவரத்துக்கும் ஓ.கே.யு. அட்டைக்கும் இந்தப் படிவத்தில் வேலையே இல்லை.

படி 3: மீதி இருக்கும் குறையை மறைக்காதீர்கள்

கருவியை ஒதுக்கிய பிறகும் ஏதாவது மிஞ்சும், எல்லோருக்கும் மிஞ்சுகிறது. பதிவு செய்த அழைப்புகளைக் கேட்டால், வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கேள்விகளைக் கவிதா சிலவற்றில் தாண்டிப் போகிறார். குரலைக் கேட்டதும் பழைய வாடிக்கையாளர் என்று அடையாளம் கண்டு நேராக பில்லுக்குப் போய்விடுகிறார். மற்றவர்களுக்கு இதற்கு என்ன மதிப்பெண் குறையுமோ அதே அளவு இவருக்கும் குறைய வேண்டும். அவரிடம் நேரடியாக, எந்த அழைப்பு, எந்த இடம் என்று ஒலியைப் போட்டுக் காட்டிச் சொல்ல வேண்டும்.

மதிப்பெண்ணை எழுதியபின் ஒரு சோதனை. கருத்துப் பகுதியில் பெயரை மறைத்துவிட்டு, அதே வரியை டீமில் வேறு ஒருவருக்கு எழுதுவீர்களா என்று பாருங்கள். 'நல்ல மனப்பான்மை, மற்றவர்களுக்கு உற்சாகம் தருகிறார்' என்ற வரி வேறு யாருக்கும் வராது என்றால் அதை அடித்துவிட்டு, என்ன வேலை செய்தார் என்று எழுதுங்கள். சூப்பர்வைசர்கள் கூடி மதிப்பெண்களை ஒப்பிடும் கூட்டத்தில் 'அவர் நிலைமைக்கு இது அதிகம்' என்று யாராவது சொன்னாலும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வரி. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008, பிரிவு 29, வேலையில் சம வாய்ப்பையும், சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியத்தையும் முதலாளி காக்க வேண்டும் என்கிறது. மீறினால் இன்ன தண்டனை என்று அதில் இல்லை. ஆனால் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, பாகுபாடு பற்றிய புகாரை ஆள்பல இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம். அப்படி ஒரு நாள் வந்தால் உங்கள் கையில் இருக்க வேண்டியது மேலே சொன்ன துண்டுக் கணக்குதான்.

படி 4: பதவி உயர்வு

'டீம் லீடர் சுவரில் இருக்கிற திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கணும், அவங்களால முடியாதே' என்பார்கள். டீம் லீடரின் வேலை திரையைப் பார்ப்பது அல்ல. காத்திருக்கும் அழைப்புகள் கூடினால் உடனே அறிந்து, ஓய்வில் இருப்பவரை இறக்குவது. எண் ஓர் அளவைத் தாண்டினால் ஒலி எழுப்பும் எச்சரிக்கை வைத்தால் போதும். எனக்குத் தெரிந்தவரை, சுவரையே பார்த்திருப்பவரைவிட ஒலி கேட்பவர் சீக்கிரம் எழுந்திருப்பார்.

இப்படியே டீம் லீடரின் ஒவ்வொரு பொறுப்பையும் 'என்ன விளைவு வேண்டும்' என்று மாற்றி எழுதுங்கள். ஷிப்ட் அட்டவணையில் பச்சை காலை, மஞ்சள் இரவு என்று நிறம் மட்டும் இருந்தால் ஸ்கிரீன் ரீடருக்கு அது வெற்றுக் கட்டம். கட்டத்துக்குள் 'கா', 'இ' என்று எழுத்தும் போட்டால் எல்லோருக்கும் பயன்.

அப்புறம், தற்காலிக டீம் லீடராக மூன்று மாதம் வைத்துப் பார்ப்பது வழக்கம் என்றால் கவிதாவுக்கும் மூன்று மாதம்தான், அதே அளவுகோல்தான். ஒரே நிபந்தனை: எச்சரிக்கை ஒலியும் அட்டவணையும் முதல் நாளுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். இரண்டாம் மாதம் வந்து சேர்ந்தால் நீங்கள் சோதித்தது ஐ.டி. பிரிவை. அடையாளச் சரிபார்ப்புக் குறை அதற்குள் தீரவில்லை என்றால் இந்த முறை பதவி இல்லை என்று சொல்லலாம். காரணம் படி 3-லேயே அவருக்குத் தெரிந்திருக்கும்.

அவர் விண்ணப்பிக்கவே இல்லையா? ஆர்வம் இல்லை என்று எழுதுவதற்கு முன் அறிவிப்பு எப்படிப் போனது என்று பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் அழகான படமாகப் போட்டிருந்தால் ஸ்கிரீன் ரீடர் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கும். அதே அறிவிப்பை எழுத்தாகத் தட்டி, கடைசித் தேதியைத் தள்ளிவைத்து மறுபடி அனுப்புங்கள்.