போட்டோவில் வந்த தொகுத்தறிதல் கணக்கு: கடைசி எண் 9-ஆ, 1-ஆ?

பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். எல்லா இயல் எண் n-க்கும் 3^(2n+2) − 8n − 9 என்பது 64-ஆல் வகுபடும் என்று நிறுவ வேண்டும். படத்தில் நிழல் விழுந்து, கடைசி 9 பார்க்க 1 மாதிரியும் இருக்கிறது.

முதலில் n = 1 போட்டுப் பாருங்கள். 81 − 8 − 9 = 64, வகுபடுகிறது. 1 என்று படித்தால் 81 − 8 − 1 = 72, வகுபடாது. ஆக 9-தான். போட்டோ கணக்கில் பேனாவை எடுக்கும் முன் இதைச் செய்துவிடுவது நல்லது, ஏன் என்று கீழே வருகிறது.

இனி நிரூபணம். P(n) என்பது "3^(2n+2) − 8n − 9 ஆனது 64-ஆல் வகுபடும்" என்ற கூற்று. அது ஒரு கூற்று, எண் இல்லை; அதனால் P(1) = 64 என்று எழுதக் கூடாது, P(1) உண்மை என்றுதான் எழுத வேண்டும். அதை மேலேயே பார்த்துவிட்டோம்.

அடுத்து, ஏதோ ஓர் இயல் எண் k-க்கு P(k) உண்மை எனக் கொள்வோம். "எல்லா k-க்கும்" என்று எழுதிவிட்டால் நிறுவ வேண்டியதையே எடுத்துக்கொண்டதாகிவிடும். P(k) உண்மை என்றால், m என்ற ஒரு முழு எண்ணுக்கு

```
3^(2k+2) = 64m + 8k + 9
```

அடுக்கைத் தனியாக இப்படி ஒரு பக்கம் நிறுத்துவதுதான் இந்தக் கணக்கின் சூட்சுமம், ஏனென்றால் k + 1-க்குப் போகும்போது அது வெறுமனே 9-ஆல் பெருக்கப்படுகிறது, மற்றதெல்லாம் சாதாரணக் கூட்டல் கழித்தல்:

```
3^(2k+4) − 8(k+1) − 9
= 9(64m + 8k + 9) − 8k − 17
= 576m + 64k + 64
= 64(9m + k + 1)
```

m, k இரண்டும் முழு எண்கள் என்பதால் 9m + k + 1-உம் முழு எண். இந்த வரியை விட்டுவிடாதீர்கள், வகுபடும் என்பதன் பொருளே இதுதான். எனவே P(k+1) உண்மை. தொகுத்தறிதல் கொள்கைப்படி எல்லா இயல் எண் n-க்கும் P(n) உண்மை.

சரி, 9-ஐ 1 என்று படித்து, n = 1-ஐப் பார்க்காமலே போயிருந்தால்? 3^(2k+2) = 64m + 8k + 1 என்று வைத்து அதே வேலையைச் செய்தால்

```
9(64m + 8k + 1) − 8k − 9 = 64(9m + k)
```

என்று அழகாக வந்து நிற்கும்! k-இலிருந்து k + 1-க்குத் தாவும் படியில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்தக் கோவை எந்த n-க்குமே 64-ஆல் வகுபடாது: அது சரியான கோவையைவிட 8 அதிகம், அதனால் 64-ஆல் வகுத்தால் எப்போதும் மீதி 8.